அண்ணன் சொல்லாமல் விட்டது: புலம்பெயர்ந்த தொழிலாளியின் குரலில் ஒரு கவிதை எழுதுவது எப்படி

வெளிநாட்டில் கூலி வேலை செய்யும் ஒருவரின் குரலில் கவிதை எழுத முதன்முதலாக உட்காருபவர்களின் தாளில் பெரும்பாலும் இப்படி நான்கு வரிகள் இருக்கும்:

வானுயர்ந்த மாடங்கள் கட்டினேன்,
எனக்கென்று ஒரு கூரை இல்லை.
என் வியர்வையில் நகரம் மின்னுகிறது,
என் கண்ணீரில் என் தாய் விளக்கேற்றுகிறாள்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பேசுகிறவர் யார்? துபாயில் இருக்கிறாரா, சிங்கப்பூரில் இருக்கிறாரா? கொத்தனாரா, வெல்டரா? இந்த வரிகளை அவர் யாரிடம், எந்த நேரத்தில் சொல்லுவார்? இரவு அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவுக்கு போன் போடும் மனிதர் 'என் வியர்வையில் நகரம் மின்னுகிறது' என்று சொல்ல மாட்டார். வெளியே நின்று அவரைப் பார்க்கும் ஒருவர் தன் இரக்கத்தை எழுதிவிட்டு, 'அவன்' என்ற இடத்திலெல்லாம் 'நான்' என்று மாற்றியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

இதைச் சரிசெய்யும் வழி நம்மிடமே பழங்காலம் தொட்டு இருக்கிறது. சங்க அகப்பாடல்கள் எல்லாமே பிறர் குரலில் எழுதப்பட்டவைதான். புலவர் தன் பெயரில் பேசுவதில்லை. தலைவன் பேசுகிறான், தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள். பாடலின் அடியில் யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்ற குறிப்பும் இருக்கும். பொருள் தேடப் பிரிந்து போவதற்கென்றே பொருள்வயிற் பிரிவு என்று ஒரு வகை உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம் ஆகியவற்றையும் சொல்கிறது. பேசுபவர், கேட்பவர், இடம், நேரம், சொல்லாமல் விட்டுக் கேட்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டியது என்ற இந்த ஐந்தும் போதும். இன்றைக்கு எழுதுகிறவருக்கும் இதைவிடக் கச்சிதமான கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கவிதையை அடியிலிருந்து எழுதிப் பார்க்கலாம். பேசுபவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். சிங்கப்பூரில் கட்டுமான இடத்தில் கம்பி கட்டுகிறார். அந்த வட்டாரத்துக் கிராமங்களில் 'சிங்கப்பூர்ல பர்மிட்ல இருக்கான்' என்ற பேச்சு அன்றாடம் கேட்கக்கூடியது. அதனால் எழுதுகிறவருக்கு விவரம் கேட்க ஆள் கிடைப்பார்கள்.

முதலில் கேட்பவர்

பெரும்பாலானவர்கள் பேசுபவரின் வயது, ஊர், கஷ்டம் என்று தொடங்குகிறார்கள். நான் எப்போதும் கேட்பவரிலிருந்து தொடங்கச் சொல்வேன். கேட்பவர் மாறினால் அதே மனிதரின் பேச்சு முழுக்க மாறிவிடும். மனைவியிடம் பேசும்போது பள்ளிக்கூடப் பணம், அவளுடைய கால்வலி, இவர் வருவதாகச் சொன்ன தேதி எல்லாம் வரும். கடன் கொடுத்தவரிடம் பேசினால் குரல் தாழும், 'அடுத்த மாசம்' என்ற சொல் வரும். சூப்பர்வைசரிடம் பேசினால் பாதி வாக்கியங்கள் 'சரி பாஸ்' என்று முடியும். யாரும் இல்லாமல் தன் நெஞ்சோடு பேசலாம். பாலைத் திணைத் தலைவன் அதை நிறையச் செய்கிறான். ஆனால் தொடக்கத்தில் அது வேண்டாம். நெஞ்சுக்கு எல்லாம் தெரியும், அதனிடம் எதையும் மறைக்க முடியாது. அதனால் எழுதுகிறவர் சீக்கிரம் புலம்பலுக்குள் விழுந்துவிடுவார்.

நமது கவிதையில் கேட்பவர் தம்பி. அவனுக்கும் சிங்கப்பூர் போக ஆசை வந்துவிட்டது. அங்கே கட்டுமான வேலைக்குப் போக நினைப்பவர்கள் இங்கேயே ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து, வேலைத்திறன் தேர்வு எழுதித் தேர்ச்சி பெறுவது வழக்கம். ஊரில் அதை 'டெஸ்ட்' என்பார்கள். அதற்குப் பணம் கட்ட வேண்டும், அப்புறம் ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டப்படி அங்குள்ள ஏஜென்சி ஒரு தொழிலாளியிடம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் ஊரில் இடைத்தரகர்கள் கைக்குப் போகும் பணம் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. அதற்காக நிலத்தையோ நகையையோ அடகு வைப்பார்கள். அண்ணன் போனபோதும் அப்படித்தான் நடந்தது. இப்போது தம்பி போன் செய்து 'நானும் வரவா?' என்று கேட்கிறான்.

இந்தக் கேள்வி நமக்கு ஏன் நல்லது என்றால், இதற்கு அண்ணன் ஏதாவது பதில் சொல்லியே ஆக வேண்டும். 'ஊர் நினைப்பு' என்ற பொருளில் எழுதினால் கவிதை ஒரே இடத்தில் நிற்கும். கேள்விக்குப் பதில் சொல்லும் கவிதை நகரும்.

அவரால் எதைச் சொல்ல முடியாது

அடுத்து, அண்ணனுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். நமது அண்ணனுக்குத் தம்பி வரக் கூடாது. அதை ஏன் நேராகச் சொல்ல முடியவில்லை என்பதையும் கீழே எழுதுங்கள். போன் ஸ்பீக்கரில் இருக்கிறது, அம்மா பக்கத்தில் இருக்கிறார். அம்மாவிடம் இத்தனை நாளும் 'நல்லா இருக்கேன்' என்றே சொல்லி வந்திருக்கிறார். இப்போது 'வராதே' என்றால் ஏன் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் இதுவரை சொன்னதெல்லாம் பொய்யென்று ஆகிவிடும். அடகு வைத்த கொல்லை இன்னும் மீளவில்லை என்பதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

எச்சம் இங்கேதான் இருக்கிறது. 'வராதே' என்ற சொல் கவிதையில் ஒரு முறைகூட வரக் கூடாது, ஆனால் வாசகர் அதைக் கேட்டுவிட வேண்டும். இந்த ஒன்றை முடிவு செய்துவிட்டால், எந்த வரி வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

களனும் காலமும்

சிங்கப்பூர் மணி நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே இரவு ஒன்பதரை என்றால் ஊரில் மாலை ஏழு. ஊரில் வீடு முழுக்க ஆள் இருக்கும் நேரம் அது. இவரோ குளித்து, துணி துவைத்து, படுக்கப் போகும் நேரம். தொலைவைக் காட்டக் கடலையும் விமானத்தையும் வரவழைக்க வேண்டியதில்லை, இந்த இரண்டரை மணி நேரமே போதும்.

மழையையும் கவனியுங்கள். சங்கத் தலைவி கார்காலத்தை எண்ணிக்கொண்டு காத்திருப்பாள், மழை வந்தால் அவன் வருவான் என்பது கணக்கு. சிங்கப்பூரில் மழை எந்த மாதமும் வரும். அங்கே இருப்பவருக்கு அது ஊர் திரும்பும் அடையாளமாக இருக்க முடியாது. இடி மின்னல் என்றால் வெளிவேலை நிற்கும், நின்றால் ஓடி, அதாவது கூடுதல் நேர வேலைக்கான காசு, போகும். ஊர்க்காரர் 'மழையா!' என்று சந்தோஷப்படும் இடத்தில் இவர் மனதில் வேறு கணக்கு ஓடும். ஒரே சொல் இரண்டு ஊரில் இரண்டு விதமாக விழும் இத்தகைய இடங்களைத் தேடி எடுங்கள்.

ஆண்டையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்கள் என்றால் கொரோனாவால் தங்குவிடுதிகள் பூட்டப்பட்டிருந்தன, ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் கூடும் லிட்டில் இந்தியா பக்கமான தேக்காவுக்குப் போக முடியாது. அது வேறொரு கவிதை. நம்முடையது சாதாரண நாளில் நடக்கிறது.

விவரம் கேட்கும் விதம்

அங்கே வேலை செய்த, செய்கிற ஒருவரிடம் பேசாமல் எழுதாதீர்கள். ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள், திரும்பி வந்தவர்கள் நிதானமாகப் பேசுவார்கள். ஆனால் 'உங்களுக்கு எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'கஷ்டம்தான்' என்பதோடு நின்றுவிடும். பொருள்களைப் பற்றிக் கேளுங்கள். காலையில் எழுந்ததும் எந்த வரிசையில் நிற்பீர்கள்? சைட்டுக்கு லாரியின் பின்னால்தான் போவீர்களா, அதில் எந்த இடம் நல்ல இடம்? ஒரே அறையில் இத்தனை பேர் இருக்கும்போது அழுக்குத் துணியை எங்கே வைப்பீர்கள்? வீட்டுக்கு அனுப்பும் போட்டோவை எங்கே நின்று எடுப்பீர்கள்?

இப்படிக் கேட்டால் கிடைக்கும் பதில்கள் தனி ரகம். உதாரணத்துக்குச் சாப்பாடு. கேட்டரிங் எடுப்பவர்களுக்கு மத்தியானச் சாப்பாடும் பொழுது விடியுமுன்பே பொட்டலமாக வந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு லாரி ஏற வேண்டும். அந்தச் சூட்டில் மத்தியானம் பிரிக்கும்போது சிலநாள் புளித்துப்போயிருக்கும். 'பசி' என்று பத்து முறை எழுதுவதைவிட இந்த ஒரு பொட்டலம் கவிதைக்கு அதிகம் செய்யும்.

கிடைத்தவற்றில் மூன்று நான்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லாரி, பொட்டலம், கட்டுக்கம்பி, தேக்காவில் எடுத்த போட்டோ, இவ்வளவுதான் நமக்கு. விசாரித்ததையெல்லாம் உள்ளே திணித்தால், அண்ணன் தம்பியிடம் பேசுவது போய் வாசகருக்கு வகுப்பு எடுப்பதாகிவிடும்.

பேச்சு

கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் பேசுபவர் சொல்ல மாட்டார். 'நான் சிங்கப்பூரில் கம்பி கட்டும் வேலை பார்க்கிறேன்' என்று தம்பியிடம் எந்த அண்ணனும் சொல்வதில்லை. வாசகருக்கு அது தெரிய வேண்டுமென்றால் வேறு காரணத்தோடு உள்ளே வர வேண்டும். தம்பி வேலையைப் பற்றிக் கேட்டான், அண்ணன் பதில் சொல்கிறார் என்றால் இயல்பாக வந்துவிடும். முதல் வரைவில் ஒவ்வொரு வரியையும் தொட்டு, 'இது தம்பிக்குத் தெரியாதா?' என்று கேட்டாலே கால்வாசி வரிகள் கழிந்துவிடும்.

அடுத்து சொற்கள். சைட், பர்மிட், ஓடி, டாலரைக் குறிக்கும் வெள்ளி, தேக்கா என்று அங்குள்ளவர்கள் புழங்கும் சொற்களை அப்படியே விடுங்கள், விளக்கம் தேட வேண்டாம். வட்டார உச்சரிப்பில் மட்டும் அளவு தேவை. எல்லாச் சொல்லையும் பேசுகிறபடியே எழுதினால் வாசகரின் கண் எழுத்துக்கூட்டலிலேயே தங்கிவிடும், ஆளைக் கேலி செய்வது போலவும் ஆகிவிடும். வினைமுடிவுகளைப் பேச்சில் வைத்து, மற்றதை எளிமையாக விட்டால் போதும். எழுதியதை போனைக் காதில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'ஏக்கம்', 'இயந்திர வாழ்க்கை' போன்ற சொற்கள் அப்போது தானாகவே நாக்கில் இடறும்.

இனி கவிதை:

ஸ்பீக்கர்லயா போட்டுருக்க? சரி.
அம்மா, சாப்பிட்டேன்.
சோறு, சாம்பார், முட்டை. சூடாத்தான்.

டெஸ்டுக்குப் பணம் கட்டிட்டியாடா?
இன்னும் இல்லையா. சரி, ஒன்னும் அவசரமில்ல.
இங்க இப்ப மழை.
மழை வந்தா வேலை நிக்கும்,
நின்னா ஓடி கிடையாது. அதுக்குச் சொன்னேன்.

லாரியில இடம் கிடைக்கும்.
நான் ஓரத்துல உக்காருவேன், நல்ல காத்து.
ஏழு மணிக்குள்ள பாதி ஊரைப் பாத்துருவேன்.

சாப்பாட்டுக்கு அலையவே வேண்டாம்,
விடியுமுன்னயே மத்தியானப் பொட்டலமும்
கைக்கு வந்துரும்.

கம்பி கட்டுறது பெரிய வித்தையில்ல.
நம்ம கொல்லை வேலிக்குக் கட்டுவியே, அதே முறுக்குத்தான்.
வேலின்னா ஒரு எடத்துல முடிஞ்சிரும்.

கொல்லைப் பத்திரம் இன்னும் அவருகிட்டத்தான இருக்கு?
சரி சரி, அப்புறம் பேசுவோம்.

வயரிங் கடையில ஆள் கேட்டாங்கன்னியே,
சும்மா போய்ப் பாத்துட்டு வாயேன்.

போட்டோவா? அனுப்புறேன்.
தேக்காவுல எடுத்தது இருக்கு, புதுச் சட்டை.

டேய், ஸ்பீக்கரை ஆஃப் பண்ணு.
பண்ணிட்டியா?
சரி, விடு.
வச்சிர்றேம்மா. அங்க இப்பத்தான் ஏழு இருக்கும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மூன்றாவது வரியில் 'சூடாத்தான்' என்கிறார். அது பொய் என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி, மத்தியானப் பொட்டலம் விடியுமுன்பே வந்துவிடும் என்று தம்பிக்கு அதை ஒரு வசதியாகவே சொல்கிறார். அம்மாவுக்குச் சொன்னதையும் தம்பிக்குச் சொன்னதையும் வாசகர் தானே சேர்த்துப் பார்க்கிறார். பொய்யையும் அதைக் காட்டிக்கொடுக்கும் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒட்டி வைத்தால் எழுதியவர் சுட்டிக்காட்டுவது தெரிந்துவிடும், ரொம்பத் தள்ளி வைத்தால் முதலாவது மறந்துபோகும்.

'வேலின்னா ஒரு எடத்துல முடிஞ்சிரும்' என்ற வரிக்குப் பின்னால் என் முதல் வரைவில் 'இது முடியாதுடா தம்பி' என்று ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன், ஏனென்றால் அந்த வரியை அம்மாவும் கேட்பார். ஸ்பீக்கர் போட்டிருப்பதைக் கவிதை ஒரு கணம்கூட மறக்கக் கூடாது. ஒரு வரியை வைக்கவா எடுக்கவா என்ற சந்தேகம் வரும்போது, பக்கத்தில் இருப்பவர் அதைக் கேட்கலாமா என்று பாருங்கள்.

முடிவும் அப்படித்தான் வந்தது. அண்ணன் உண்மையைச் சொல்லத் துணியும் ஒரே இடம் 'ஸ்பீக்கரை ஆஃப் பண்ணு' என்பது. தம்பி என்ன செய்தான் என்று நமக்குத் தெரியாது. ஆனால் 'சரி, விடு' என்பதிலிருந்து அது நடக்கவில்லை என்று புரிகிறது. இங்கே பலருக்கும் கடைசியில் ஒரு கனமான வரியைச் சேர்க்கக் கை பரபரக்கும். சேர்த்தால் அவர் சொல்ல முடியாமல் போனதை நாம் சொல்லிவிடுவோம். அப்புறம் அவர் போனை வைத்ததற்கு அர்த்தம் இல்லை.

வெளியே கொடுக்குமுன்

அங்கே வேலை செய்த ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்க வேண்டாம், மரியாதைக்கு 'நல்லா இருக்கு' என்பார்கள். 'இதுல எது தப்பு?' என்று கேளுங்கள். 'கம்பி வேலைக்காரன் இதை இப்படிச் சொல்ல மாட்டான்', 'அந்த நேரத்துல லாரி வராது' என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தங்களை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு வரியில் அவர் சிரித்தாலோ பேச்சை நிறுத்தினாலோ, அந்த வரியைத் தொடாதீர்கள்.

ஒருவர் உங்களிடம் சொன்ன அவருடைய சொந்த விஷயத்தை, அவர் அனுமதித்தாலும், ஆள் அடையாளம் தெரியும்படி எழுதாதீர்கள். இதில் ஒரு நடைமுறை ஆபத்தும் இருக்கிறது. சிங்கப்பூர் பர்மிட்டில் எந்த முதலாளியின் பெயர் இருக்கிறதோ, அவரிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். கம்பெனியைப் பற்றிய குறை கவிதையாக வெளியாகி, சொன்னவர் இன்னாரென்று தெரிந்துவிட்டால், அவருக்கு வேலையோடு அந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போகலாம். ஊர், வேலை, குடும்ப அமைப்பு இவற்றில் இரண்டையாவது மாற்றுங்கள். காயம், விபத்து போன்றவை ஒரே சம்பவத்திலிருந்து அப்படியே வரக் கூடாது. அகப்பாடலில் வருபவர்களுக்குப் பெயர் சூட்டக் கூடாது என்று தொல்காப்பியம் சொல்வது இந்தத் தேவைக்கும் பொருந்துகிறது. நமது அண்ணனுக்கும் தம்பிக்கும் பெயர் இல்லாததால் கவிதைக்கு எந்தக் குறையும் வரவில்லை.

கடைசியாக, பழைய துறைக் குறிப்பைப் போலத் தலைப்புக்குக் கீழே ஒரு வரி போடுங்கள்: 'சிங்கப்பூரில் கம்பி கட்டும் அண்ணன், உடன் வர விரும்பும் தம்பிக்கு, தாய் கேட்கச் சொல்லியது.' வாசகருக்கு வேண்டிய சூழல் முழுவதும் இதில் கிடைத்துவிடுவதால் கவிதைக்குள் எதையும் விளக்க வேண்டி வராது. இது உங்கள் சொந்த வாழ்க்கை அல்ல, கற்பனைக் கூற்று என்பதும் நேர்மையாகத் தெரிந்துவிடும். உங்கள் பெயரைக் கவிதையின் அடியில் போடுங்கள்.

சிங்கப்பூரில் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கென்றே 2014-இல் ஒரு கவிதைப் போட்டி தொடங்கியது. முதலில் வங்கதேசத் தொழிலாளர்கள் எழுதினார்கள், பிறகு தமிழ் உள்பட மற்ற மொழிக்காரர்களும் எழுதினார்கள். அத்தகைய மேடைகளுக்கு நீங்கள் இந்தக் கவிதையை அனுப்பக் கூடாது, அந்த இடம் அங்கே வேலை செய்கிறவர்களுடையது. நீங்கள் விவரம் கேட்கப் போன இடத்தில் யாராவது 'நானும் கொஞ்சம் எழுதுவேன்' என்று சொன்னால், முதலில் அவருடைய நோட்டை வாங்கிப் படியுங்கள். அவர் ஏற்கெனவே எழுதிய விஷயத்தை நீங்கள் அவர் குரலில் திரும்ப எழுத வேண்டியதில்லை, வேறு கேட்பவரைத் தேர்ந்தெடுங்கள்.